ஸ்லிப் கேஜ் அறையில் டேட்டா லாகர்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

சுவரில் மாட்டிய லாகர் 20.3 டிகிரி, ஈரப்பதம் 52 சதவீதம் என்று காட்டுகிறது. பதிவேட்டில் 20 ± 1 டிகிரி, 50 ± 10 சதவீதம் என்று வரம்பு எழுதியிருக்கிறது. பலரும் இந்த இரண்டையும் ஒப்பிட்டு டிக் போட்டுவிட்டு, துல்லியமான நீளமுள்ள அளவுக்கட்டையான ஸ்லிப் கேஜை, மாஸ்டர் என்ற நம்பகமான கேஜோடு ஒப்பிடும் கம்பேரேட்டரில் ஏற்றிவிடுகிறார்கள். அந்த டிக் எவ்வளவு நம்பகமானது என்பதுதான் இங்கே விஷயம். சென்னை போன்ற கடலோர ஊரில் ஏசி போட்ட ஒரு சிறிய காலிபரேஷன் அறையை வைத்துப் பேசுகிறோம்.

கருவிகள் இரண்டு. ஒன்று, பேட்டரியில் ஓடும் சாதாரண யூஎஸ்பி லாகர். காற்றின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் பதியும். இன்னொன்று, பிடி100 என்ற பிளாட்டினம் வெப்ப சென்சாரில் ஓடும் இரண்டு சேனல் லாகர். இதன் ப்ரோப்கள் உலோகத்தின் வெப்பத்தைப் பதியும். முதலாவது எல்லா லேபிலும் இருக்கிறது. இரண்டாவதுதான் அளக்கலாமா வேண்டாமா என்ற முடிவை உண்மையில் தருகிறது.

காற்று வேறு, உலோகம் வேறு. 100 × 35 × 9 மில்லிமீட்டர் எஃகுத் துண்டு ஏறக்குறைய 250 கிராம் எடை. அசையாத காற்றில் அதன் வெப்பநிலை அறையை எட்டிப்பிடிக்கும் வேகத்தைக் கணக்கிட்டால், நேர மாறிலி, அதாவது வித்தியாசம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்க ஆகும் நேரம், சுமார் அரை மணி வருகிறது. ஷாப் ஃப்ளோரில் 28 டிகிரியில் இருந்த துண்டு 20 டிகிரி அறைக்குள் வந்தால், வித்தியாசம் 8 டிகிரியிலிருந்து 0.1 டிகிரியாகக் குறைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை சுவர் லாகர் 20.1 என்று சமர்த்தாகச் சொல்லிக்கொண்டிருக்கும். அது பொய் சொல்லவில்லை, நாம் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறது.

இதற்காகத்தான் டம்மி பிளாக், அளக்கும் கேஜுக்குப் பதிலாகத் தன் வெப்பத்தைக் காட்டும் துண்டு. மேலே சொன்ன அளவில் ஒரு எஃகு ஃப்ளாட்டை வெட்டி, முனையிலிருந்து 3.2 மில்லிமீட்டர் துளையை 40 மில்லிமீட்டர் ஆழத்துக்குப் போடவும். 3 மில்லிமீட்டர் ப்ரோப்பில் தெர்மல் பேஸ்ட் தடவி முழு ஆழமும் நுழைக்கவும். பாதி மட்டும் நுழைத்தால் ப்ரோப்பின் தண்டு வழியாக வெளிக்காற்றின் வெப்பம் உள்ளே வந்து அளவைக் கெடுக்கும். கிரேடு, அதாவது துல்லிய வகுப்பு, இழந்த பழைய ஸ்லிப் கேஜில் துளை போடலாமே என்று தோன்றும். அது கடினப்படுத்திய எஃகு, டிரில் பிட்தான் போகும். டம்மியை அளக்க வேண்டிய கேஜ்களோடு அதே உலோகத் தட்டில் வைக்கவும். இரண்டாவது ப்ரோப் கம்பேரேட்டர் மேசையில், மாஸ்டர் இருக்கும் இடத்தில்.

இந்த இரண்டு ப்ரோப்களின் தனித்தனி துல்லியத்தைவிட அவற்றுக்கிடையேயான வித்தியாசம்தான் நமக்கு முக்கியம். ‘ஏஏ’ வகுப்பு பிடி100-க்கே 20 டிகிரியில் ±0.13 டிகிரி வரை பிழை அனுமதி உண்டு. ஆகவே நல்ல ப்ரோப்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று 0.2 டிகிரி தள்ளிக் காட்டலாம். இதை வீட்டு ஃபிளாஸ்க் ஒன்றிலேயே சரிபார்க்கலாம். 20 டிகிரி அளவில் தண்ணீர் ஊற்றி, இரண்டு ப்ரோப்களையும் ஒன்றாகக் கட்டி உள்ளே விட்டு, வாயைப் பஞ்சால் அடைத்து அரை மணி நேரம் பதியவிடவும். கடைசி பத்து நிமிடத்தில் இரண்டுக்கும் 0.06 டிகிரி வித்தியாசம் நிலையாக வந்தால், அதுதான் இனி கழிக்க வேண்டிய எண். ஆறு மாதத்துக்கு ஒரு முறை இதைச் செய்தால் போதும்.

பதிவு இடைவெளியில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். மெமரி நிறைந்துவிடும் என்று 10 நிமிடம் வைப்பது வழக்கம். கம்ப்ரசர் 12 நிமிடத்துக்கு ஒரு சுற்று ஓடி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10 நிமிட இடைவெளியில் எடுத்த வரைபடத்தில் அந்தச் சுற்று தெரியாது. அதற்குப் பதில் 60 நிமிடத்துக்கு ஒரு முறை மெதுவாக ஏறி இறங்கும் ஓர் அலை தெரியும். அப்படி ஓர் அலை அறையில் கிடையவே கிடையாது. ‘வெயில் ஏறுது’, ‘ஆள் நடமாட்டம்’ என்று ஆளுக்கொரு காரணம் தேடுவார்கள். இடைவெளியை 1 நிமிடமாக்கினால், 12 நிமிடத்துக்கு ஒரு முறை ஏறி இறங்கும் உண்மையான பல்வரிசை தெரிந்துவிடும். இன்றைய லாகர்களின் மெமரிக்கு 1 நிமிடம் ஒரு பாரமே இல்லை, பேட்டரிதான் கொஞ்சம் சீக்கிரம் போகும். மெமரி நிறைந்தால் பதிவு நிற்குமா, பழையதன் மேல் எழுதுமா என்ற செட்டிங்கையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

அந்தப் பல்வரிசையில் ஈரப்பதத்தையும் கவனிக்க வேண்டும். கம்ப்ரசர் நின்ற பிறகும் ஏசியின் ஃபேன் ஓடினால், காயிலில் படிந்த நீர் மறுபடி ஆவியாகி அறைக்கே திரும்புகிறது. சில நிமிடங்களில் ஈரப்பதம் விறுவிறுவென்று ஏறும். கம்ப்ரசர் ஓட ஆரம்பித்ததும் இறங்கும். சென்சார் கெட்டுவிட்டது என்று மாற்றியவர்கள் உண்டு. கம்ப்ரசர் நிற்கும்போது ஃபேனும் நிற்கும்படி வைப்பது மலிவான வழி. ஏசியை நிற்காமல் ஓடவிட்டு, சிறிய ஹீட்டர் ஒன்றால் வெப்பத்தைச் சமன் செய்வது சரியான வழி. கரன்ட் பில்லைத் தாங்க வேண்டும்.

இப்போது கணக்கு. எஃகு மாஸ்டரோடு எஃகு ஸ்லிப் கேஜை ஒப்பிடும்போது வெப்பத்தால் வரும் பிழைக்கு இரண்டு பகுதி:

```
d = L*(a1 - a2)*(t - 20) + L*a*(t1 - t2)
```

L நீளம், a விரிவுக் குணகம், t மேசையின் வெப்பம்; 1 என்பது கேஜுக்கு, 2 என்பது மாஸ்டருக்கு. முதல் பகுதி, இரண்டு எஃகின் குணகமும் கொஞ்சம் வேறுபடலாம் என்பதால் வருவது. ஐஎஸ்ஓ 3650 எஃகுக்கு டிகிரிக்கு 11.5 ± 1.0 மில்லியனில் ஒரு பங்கு என்று இடம் விடுகிறது. இரண்டாவது, இரண்டும் வெவ்வேறு வெப்பத்தில் இருப்பதால் வருவது.

ஒரு பிற்பகல் பதிவை எடுத்துக்கொள்வோம். மேசை 21.2 டிகிரி, டம்மி 21.35. 100 மில்லிமீட்டர் கேஜுக்கு முதல் பகுதி, குணகங்கள் 1 அலகு வேறுபட்டால், 0.12 மைக்ரான். இரண்டாவது 0.15 டிகிரிக்கு 0.17 மைக்ரான். இந்த நீளத்தில் கிரேடு 0-க்கு அனுமதி ±0.30 மைக்ரான், கிரேடு 2-க்கு ±1.20. அனுமதியில் பாதிக்கு மேல் வெப்பமே தின்றுவிட்டால் கிரேடு 0 கேஜை அளந்து பயனில்லை. கிரேடு 2 கேஜை அதே நேரத்தில் தாராளமாக அளக்கலாம். அதே அறையில் 10 மில்லிமீட்டர் கேஜுக்கு இரண்டு பகுதியும் பத்தில் ஒன்றாகச் சுருங்கி, சேர்ந்தும் 0.03 மைக்ரானைத் தாண்டாது; கிரேடு 0-க்கான அனுமதி ±0.12, ஆகவே தாராளம்.

ஆக, ‘அறை சரியா’ என்று நாள் முழுவதற்கும் ஒரே டிக் போடுவதில் அர்த்தமில்லை. இந்தப் பிற்பகலில் சிறிய கேஜ்களை முடித்துக்கொண்டு, 100 மில்லிமீட்டரை மறுநாள் காலைக்குத் தள்ளலாம். மாஸ்டர் செராமிக் அல்லது கார்பைடாக இருந்தால் முதல் பகுதி இன்னும் பெரிதாகும். அங்கே 20 டிகிரியிலிருந்து எவ்வளவு விலகியது என்பதே முதல் கவலை, திருத்தம் போடாமல் முடியாது.

பெரிய கேஜ்களுக்கு நடைமுறையில் இப்படி வைத்துக்கொள்வது நன்றாக வேலை செய்கிறது: கடைசி அரை மணியில் டம்மி 0.1 டிகிரிக்கு மேல் நகர்ந்திருக்கக் கூடாது, ஃபிளாஸ்கில் கண்ட வித்தியாசத்தைக் கழித்த பிறகு டம்மிக்கும் மேசைக்கும் வித்தியாசம் 0.1-க்குள் இருக்க வேண்டும். சுவர் லாகர் என்ன சொன்னாலும் இந்த இரண்டும் நிறைவேறாமல் கேஜைத் தொடுவதில்லை. தொடும்போதும் கையால் அல்ல. ஷமாய் தோல் அல்லது இடுக்கி. விரல்சூடு பட்ட கேஜ் மீண்டும் தட்டில் காத்திருக்க வேண்டும்.

ஈரப்பதம் ஸ்லிப் கேஜின் நீளத்தை மாற்றுவதில்லை, துருவைத்தான் கொண்டுவரும். 60 சதவீதத்தைத் தாண்டினால் எண்ணெய் பூசாத கேஜ்களை வெளியே விடக் கூடாது. ஆனால் ஏசி நின்றுபோன இரவுகளில் சதவீதம் மட்டும் பார்த்தால் போதாது. அறைக் காற்று 25 டிகிரிக்கு ஏறி 75 சதவீதம் என்று லாகர் காட்டும்போது, அந்தக் காற்றின் பனிநிலை, அதாவது நீர் படியத் தொடங்கும் வெப்பம், 20 டிகிரியைச் சற்றுத் தாண்டிவிடுகிறது. கிரானைட் மேசையும் அதன்மேல் உள்ள உலோகமும் இன்னும் 20 டிகிரியிலேயே இருந்தால் அவற்றின்மேல் நீர் பூக்கும். திரையில் 75 என்றுதான் இருக்கும், கேஜ் மேல் 100. ஆகவே அலாரத்தை ஈரப்பதத்துக்கு வைப்பதைவிட, டம்மியின் வெப்பம் பனிநிலையைவிட 3 டிகிரியாவது கூடுதலாக இருக்கிறதா என்பதற்கு வைப்பது நல்லது. அடைமழை நாளில் வெளியே 28 டிகிரி, 85 சதவீதம் என்றால் பனிநிலை 25-ஐத் தொடும். அந்த நேரத்தில் மின்வெட்டு வந்தால் கதவைத் திறந்து வைக்காதீர்கள்.

ஈரப்பத சென்சார்தான் இந்த அமைப்பில் பலவீனமான உறுப்பு. அதன் பாலிமர் படலம் கேஜ் துடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், அசிட்டோன், பெட்ரோல் ஆவிகளை உறிஞ்சி மெல்ல விலகும். துடைக்கும் மேசைக்கு மேல் லாகரை மாட்டுவதைத் தவிர்க்கவும். சந்தேகம் வந்தால் உப்புச் சோதனை: மூடியுள்ள ஜாடியில் லேப் தரச் சோடியம் குளோரைடை ஈர மணல் பதத்துக்கு நனைத்து, உப்பில் படாமல் லாகரை வைத்து, 20 டிகிரியில் ஓர் இரவு விடவும். 75.5 சதவீதம் காட்ட வேண்டும். 79 காட்டினால் அந்த லாகரின் ‘58’ உண்மையில் 55-ஆக இருக்கலாம். ஆனால் ஒரே புள்ளியை வைத்துத் திருத்தம் போடக் கூடாது. மக்னீசியம் குளோரைடில் 33 சதவீதத்தையும் பார்த்துவிட்டுப் போடவும். சமையல் உப்பு வேண்டாம், அதில் கட்டிப்படாமல் இருக்கச் சேர்த்த பொருள்கள் இருக்கும்.

காலிபரேஷன் சான்றிதழில் வரும் திருத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 20 டிகிரியில் −0.4 என்று சான்றிதழ் சொன்னால், திரையில் தெரியும் 20.3 உண்மையில் 19.9. பல லேப்களில் சான்றிதழ் ஃபைலில் பத்திரமாக இருக்கும், பதிவேட்டில் 20.3 என்றே போகும். ஆடிட்டர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். லாகர் திரையில் இரண்டு தசம இடம் தெரிகிறதே என்பதால் அது 0.01 டிகிரிக்குத் துல்லியம் என்று நினைப்பவர்களும் உண்டு, பெட்டிமேல் ±0.3 என்று சின்ன எழுத்தில் இருப்பதைப் பாருங்கள்.

புதிதாக வாங்குபவர்கள் ஈரப்பதத்துக்கு விலை உயர்ந்த லாகர் தேட வேண்டாம். ஆண்டுக்கு இருமுறை உப்பில் சோதித்தால் சாதாரணமானதே போதும். காசை இரண்டு சேனல் பிடி100 லாகரில் போடுங்கள், நான்கு கம்பி இணைப்பு உள்ளதாகப் பாருங்கள். கூடவே கணினிக் கடிகாரத்தோடு லாகர் கடிகாரத்தை மாதம் ஒருமுறை பொருத்திக்கொள்ளுங்கள். ஒரு கேஜை அளந்த நேரத்துக்குரிய வெப்பத்தைப் பதிவில் தேடும்போது அது கை கொடுக்கும்.