முடி உதிர்வுக்கு முதலில் யாரிடம் போவது? என் இரண்டரை வருட அனுபவம்

உச்சந்தலையில் நாணயம் அளவுக்கு ஓர் இடம் மெலிந்திருப்பதை வகிடு எடுக்கும்போதுதான் கவனித்தேன். அந்த இடத்தில் சில மாதங்களாகவே அரிப்பு இருந்தது. வெயிலில் நின்றால் எரியும், சீப்பு பட்டால் வலிக்கும். பொடுகு என்று நினைத்து ஷாம்பூவை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தேன்.

முதலில் நான் போனது ட்ரைக்காலஜிஸ்ட்டிடம். முடிக்கென்றே இருப்பவர், தோல் மருத்துவரை விட இவருக்குத்தான் அதிகம் தெரியும் என்று நம்பினேன். ஒரு மணி நேரம் பொறுமையாகப் பேசினார். சிறிய கேமராவைத் தலையில் வைத்து, மயிர்க்கால்களைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். முடியின் அடியில் வெள்ளையாகச் செதில் இருந்தது. பொடுகால் வேர்கள் அடைபட்டிருக்கின்றன என்று சொல்லி, ஒரு சீரமும் மாதம் இரண்டு முறை தலையைச் சுத்தம் செய்யும் சிகிச்சையும் தொடங்கினார். ஐந்து மாதம் விடாமல் போனேன். செதில் குறைந்தது போல இருக்கும், ஒரு வாரத்தில் திரும்பி வரும். எரிச்சல் குறையவே இல்லை. மெலிந்த இடம் இரண்டு மடங்கானது.

ஆறாவது மாதம் தோல் மருத்துவரிடம் போனேன். வந்த பதில் லைக்கன் பிளானோபிலாரிஸ். உடலின் எதிர்ப்பு சக்தியே மயிர்க்கால்களைத் தாக்கி, அவை இருந்த இடத்தில் தழும்பை விட்டுவிடும் நோய் இது. தழும்பான மயிர்க்காலில் முடி திரும்ப முளைக்காது. அந்த ஐந்து மாதத்தில் போன முடி எனக்குப் போனதுதான். யாரிடம் முதலில் போவது என்று கேட்கிறவர்களுக்கு நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

பல நாடுகளில் ட்ரைக்காலஜிஸ்ட் ஆவதற்கு மருத்துவப் படிப்பு தேவையில்லை, தனிப் பயிற்சியும் சான்றிதழும் போதும். அப்படிப் பயின்றவர்கள் மருந்துச் சீட்டு எழுத முடியாது, தோலில் துண்டு எடுத்துப் பரிசோதிக்கவும் முடியாது. தோல் மருத்துவராகவே இருந்துகொண்டு ட்ரைக்காலஜியில் கூடுதல் பயிற்சி எடுத்தவர்களும் உண்டு. அதனால் பலகையில் உள்ள பெயரைப் பார்க்காமல், இவர் மருத்துவரா, பயாப்ஸி செய்வாரா என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை. நல்ல ட்ரைக்காலஜிஸ்ட்டாக இருந்திருந்தால் எரிச்சல், வலி என்று சொன்ன முதல் நாளே என்னை மருத்துவரிடம் அனுப்பியிருப்பார் என்பதையும் சொல்ல வேண்டும்.

தோல் மருத்துவரின் முதல் சந்திப்பு அரை மணி நேரம்கூட இல்லை. எப்போது தொடங்கியது, முடி வேரோடு விழுகிறதா அல்லது பாதியில் உடைகிறதா, அரிப்பா, எரிச்சலா, வலியா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்னால் கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, பிரசவம், திடீரென எடை குறைவு ஏதாவது இருந்ததா என்றும் கேட்டார். அப்படி ஏதாவது நடந்திருந்தால் முடி தலை முழுவதும் பரவலாகக் கொட்டும், பெரும்பாலும் தானாகவே திரும்பி வரும். என் கதை அதில் பொருந்தவில்லை. அப்புறம் புருவம், நகம், வாயின் உட்புறம் எல்லாம் பார்த்தார். தலைக்கு வந்தவளிடம் எதற்கு வாயைத் திறக்கச் சொல்கிறார் என்று குழம்பினேன். இந்த நோயின் உறவு நோயான லைக்கன் பிளானஸ் நகத்திலும் வாயிலும் தடம் காட்டும் என்று பிறகுதான் புரிந்தது.

பிறகு ஐம்பது அறுபது முடியைச் சேர்த்துப் பிடித்து, வேரிலிருந்து நுனி வரை மெதுவாக இழுத்தார். தலையின் பக்கவாட்டில் ஒன்றிரண்டுதான் வந்தது. மெலிந்த இடத்தின் ஓரத்தில் இழுத்தபோது ஏழெட்டு வந்தது. அதுவும் ஓய்வுக்குப் போய் உதிரக் காத்திருந்த முடி இல்லை, இன்னும் வளர்ந்துகொண்டிருந்த முடி. வளரும் முடி இவ்வளவு எளிதாகக் கையோடு வரக் கூடாதாம்.

தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப் என்ற கருவியில் பார்த்ததுதான் முக்கியமான கட்டம். பொடுகு தலைத்தோல் முழுக்கச் சிதறிக் கிடக்கும், தட்டினால் உதிரும். என்னுடைய செதிலோ ஒவ்வொரு முடியின் அடியையும் குழாய் போலச் சுற்றியிருந்தது, அதைச் சுற்றிச் சிவப்பு. மெலிந்த இடத்தின் நடுவில் மயிர்க்கால் துவாரங்களே இல்லை, தோல் வழவழவென்று இருந்தது. சாதாரண வழுக்கையில் முடி மெல்லியதானாலும் துவாரம் பெரும்பாலும் தெரியும். ட்ரைக்காலஜிஸ்ட் அச்சிட்டுத் தந்த முதல் நாள் படத்தையும் எடுத்துப் போயிருந்தேன். அதே குழாய்ச் செதில் அதிலும் தெளிவாக இருந்தது. அன்று வீட்டுக்கு வந்து நிறைய அழுதேன்.

அடுத்த வாரம் பயாப்ஸி. மரத்துப்போக ஊசி போட்டு, 4 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு துண்டு, ஒரு தையல். ஊசி குத்தும்போது மட்டும்தான் வலி. துண்டை எங்கே எடுக்கிறார்கள் என்பதில் கவனம் வேண்டும். வழவழப்பான நடுப்பகுதியில் எடுத்தால் பழைய தழும்பு மட்டும்தான் தெரியும். சிவப்பும் செதிலும் இருந்து, முடியும் இன்னும் நிற்கிற ஓரத்தில் எடுத்தால்தான் நோய் பிடிபடும். என் மருத்துவர் டெர்மாஸ்கோப்பை வைத்துப் பார்த்து, பேனாவால் குறித்துவிட்டுத்தான் எடுத்தார்.

முதல் சந்திப்புக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. முந்தின நாள் தலைக்குக் குளிக்காதீர்கள். குளித்தால் உதிர வேண்டிய முடி ஏற்கனவே போய்விடும், இழுத்துப் பார்க்கும் சோதனை சரியாக வராது. எண்ணெய், முடியை மறைக்கும் பவுடர் எதுவும் வேண்டாம். பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் ரத்தம் கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். அது சில தைராய்டு பரிசோதனைகளின் முடிவைத் தவறாகக் காட்டிவிடும். எனக்கு அதனாலேயே ரத்தப் பரிசோதனையைச் சில நாள் தள்ளிவைத்தார்கள்.

தோல் மருத்துவர் என்றாலே போதும் என்றும் சொல்ல மாட்டேன். என் தங்கை போன இடத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே, தலையைத் தொடாமல் லோஷன் எழுதிக் கொடுத்தார்கள். முடியைப் பிரித்து அருகில் பார்க்காத சந்திப்பைச் சந்திப்பாகவே எண்ண வேண்டாம் என்று அவளிடம் சொல்லி, வேறு மருத்துவரிடம் அனுப்பினேன்.

எனக்கு வீரியமான ஸ்டீராய்டு லோஷன், ஆறு வாரத்துக்கு ஒருமுறை அந்த இடத்தில் ஸ்டீராய்டு ஊசி, அதோடு ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை விழித்திரையைப் பாதிக்கக்கூடும் என்பதால் தொடக்கத்திலேயே கண் பரிசோதனை செய்தார்கள். இழந்ததைத் திரும்பக் கொண்டுவர முடியாது, பரவுவதை நிறுத்துவதுதான் நோக்கம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். எரிச்சல் போக நான்கு மாதம் ஆனது. சிவப்பு அடங்க ஏறக்குறைய ஒரு வருடம்.

முடி ஏதோ ஒரு சிகிச்சையில் ரசாயனத்தாலோ சூட்டாலோ பாதியில் உடைகிறது, தோலில் எந்தத் தொந்தரவும் இல்லை என்றால் ட்ரைக்காலஜிஸ்ட்டிடம் முதலில் போவதில் தவறில்லை. நானே இப்போது வேறொரு ட்ரைக்காலஜிஸ்ட்டிடம் போகிறேன். வழுவழுப்பான இடத்தை மறைக்க முடியை எப்படி வெட்டுவது, எந்தப் பவுடர் தலைத்தோலை உறுத்தாது என்று அவர் சொல்லித் தந்தது நன்றாகப் பயன்படுகிறது. ஆனால் அரிப்பு, எரிச்சல், வலி, ஓரிடத்தில் மட்டும் வழவழப்பு, இதில் எது இருந்தாலும் நேராகத் தோல் மருத்துவரிடம் போங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே வெளிச்சத்தில், அதே வகிட்டில் படம் எடுத்து வைக்கிறேன். கடைசி ஐந்து படங்களிலும் அந்த இடம் ஒரே அளவில்தான் இருக்கிறது. ஊசி நின்றுவிட்டது, மாத்திரை மட்டும் தொடர்கிறது.