ஒரே வருமானம், இரு வேறு வாழ்க்கை: வருமான அளவுகோலும் இயலுமை அணுகுமுறையும்

ஒருவர் நலமாக வாழ்கிறாரா என்பதை அறிய, அவர் கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று கேட்கலாம். அவரால் எதைச் செய்யவும் எப்படி வாழவும் முடிகிறது என்றும் கேட்கலாம். தலா வருமானமும் வறுமைக்கோடும் முதல் கேள்விக்கான விடைகள். இரண்டாவது கேள்வியிலிருந்து பிறந்தது இயலுமை அணுகுமுறை. பொருளியலாளர் அமர்த்தியா சென் 1979-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் அதை முன்வைத்தார். தத்துவவியலாளர் மார்த்தா நுஸ்பாம் பின்னர் அதைத் தம் வழியில் வளர்த்தெடுத்தார். வருமான அளவுகோலும் இயலுமை அணுகுமுறையும் எங்கே பிரிகின்றன என்பதை மாற்றுத்திறனாளிகளின் வறுமையைப் போலத் தெளிவாகக் காட்டும் வேறொன்றை நான் அறியேன்.

ஒரே அலுவலகத்தில் ஒரே சம்பளம் வாங்கும் இருவரை எண்ணிப் பாருங்கள். ஒருவர் பேருந்தில் வேலைக்கு வருகிறார். சக்கர நாற்காலியில் இயங்கும் மற்றவரால் அந்தப் பேருந்தில் ஏற முடியாது; ஆகவே நாள்தோறும் வாடகை வண்டிக்குச் செலவிடுகிறார், வீட்டில் உதவியாளருக்கும் சம்பளம் கொடுக்கிறார். வருமான அளவுகோல் இருவரையும் ஒரே நிலையில் வைக்கும். ஆனால் பணம் வாழ்க்கையாக மாறும் வீதம் இருவருக்கும் ஒன்றல்ல. அந்த வீதத்தை உடல்நிலை, சமூக வழக்கம், சாலை முதல் கட்டடம் வரையிலான சுற்றுச்சூழல் ஆகியவை சேர்ந்து தீர்மானிக்கின்றன என்பதே சென்னின் மையக் கருத்து.

இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதை, பிரிட்டனின் 1990-களின் தரவுகளைக் கொண்டு வீப்கே குக்லிஸ் என்னும் பொருளியலாளர் கணக்கிட்டார். அங்கே மொத்த மக்களில் 17.9 விழுக்காட்டினர் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தனர். மாற்றுத்திறனாளி உறுப்பினர் உள்ள குடும்பங்களில் வாழ்வோரை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 23.1 விழுக்காடு. ஏறத்தாழ ஐந்து புள்ளிகளாக உள்ள இந்த வேறுபாடு, சம்பாதிப்பதில் அவர்கள் சந்திக்கும் தடையைக் காட்டுகிறது. இதுவரை வருமான அளவுகோலே கண்டுவிடும். ஆனால் அதே வாழ்க்கைத் தரத்தை எட்ட இக்குடும்பங்களுக்குக் கூடுதலாக எவ்வளவு தேவைப்படும் என்பதையும் கணக்கில் சேர்த்தபோது, அந்த விகிதம் 47.4 விழுக்காடாக உயர்ந்தது. சம்பாதிப்பதில் உள்ள தடையைவிடச் சம்பாதித்ததைப் பயன்படுத்துவதில் உள்ள தடை பல மடங்கு பெரியதாக இருந்திருக்கிறது. அரசின் வழக்கமான வறுமைக் கணக்கில் அந்தப் பெரிய பங்குக்கு இடமே இல்லை.

வருமானத் தரப்புக்கு இதற்கு நேர்மையான பதில் ஒன்று உண்டு. குடும்பத்தின் அளவுக்கேற்ப வருமானத்தைச் சரிசெய்வதைப் போலவே, ஊனத்தால் வரும் செலவுக்கும் சரிசெய்துகொள்ளலாமே என்று அவர்கள் கேட்பார்கள். அது ஓரளவு சரியே. குக்லிஸின் கணக்கும் பண அளவிலேயே முடிகிறது. எனினும், கடையில் வாங்கக் கிடைக்காத ஒன்றுக்கு இந்தத் திருத்தம் உதவாது. சாய்தளம் இல்லாத நீதிமன்றத்திற்குள் செல்லவோ, ஊனமுற்றவரை வேலைக்கு எடுக்கத் தயங்கும் முதலாளியின் மனத்தை மாற்றவோ எவ்வளவு உதவித்தொகை போதும் என்ற கேள்விக்குப் பொருளே இல்லை.

மறுபுறம், இயலுமையை அளப்பது கடினம் என்பதை மறைக்கக் கூடாது. நோன்பிருப்பவரும் உணவில்லாமல் பட்டினி கிடப்பவரும் உண்ணாமலிருப்பதில் ஒன்றே. உண்ணும் வாய்ப்பு ஒருவருக்கு இருக்கிறது, மற்றவருக்கு இல்லை. கணக்கெடுப்பவரின் கண்ணுக்கு உண்ணாமை தெரியுமே தவிர அந்த வாய்ப்பு தெரியாது. எந்த இயலுமைகளைக் கணக்கில் எடுப்பது என்பதிலும் உடன்பாடு இல்லை: நுஸ்பாம் பத்து இயலுமைகளைப் பட்டியலிட்டார், சென்னோ, அதை அந்தந்தச் சமூகம் பொது விவாதத்தின் வழியே முடிவுசெய்ய வேண்டும் என்று கூறி நிலையான பட்டியலைத் தவிர்த்தார். வருமானத்திற்கு இந்தச் சிக்கல்கள் இல்லை. அது ஒரே அலகில் கிடைக்கிறது, ஆண்டுக்காண்டு ஒப்பிட முடிகிறது. விலைவாசியோ வேலையிழப்போ குடும்பங்களைத் தாக்கும்போது அதை விரைவாகக் காட்டுவதும் அதுவே என்பதால், அதைக் கைவிடச் சொல்வது தவறு.

இந்தக் கடினத்தை மீறியும் இயலுமையை அளக்கும் முயற்சிகள் நடந்திருக்கின்றன. 1990-இல் பாகிஸ்தானியப் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக்கின் முயற்சியால் வெளிவந்த மனித மேம்பாட்டுக் குறியீடு, ஆயுள், கல்வி, வருமானம் ஆகிய மூன்றையும் இணைத்தது. அது இயலுமை அணுகுமுறையின் குழந்தை என்றாலும், அளப்பது வாய்ப்புகளை அல்ல, எட்டப்பட்ட விளைவுகளை. அதுவும் நாட்டின் சராசரியாக. 2010-இல் வந்த பல்பரிமாண வறுமைக் குறியீடு, பள்ளி, சத்துணவு, குடிநீர், சமையல் எரிபொருள் என ஒவ்வொரு குடும்பத்திற்கும் எவை இல்லை என்று தனித்தனியே கேட்பதால், இன்னும் நெருங்கி வருகிறது. ஆனால் அதன் அலகும் குடும்பமே. குழாயும் மின்சாரமும் உள்ள வீட்டின் மாடியிலிருந்து இறங்க முடியாமல் ஆண்டுக்கணக்கில் அடைபட்டிருக்கும் ஒருவர், அந்தக் கணக்கிலும் வறியவரல்லாதவராகவே பதிவாகலாம்.