பூஜை அலமாரிப் படத்தில் எது எது: உருவமா, உறுப்பா, கறையா?

பெரியவர்கள் இருந்த வீட்டைக் காலி செய்யும் நேரத்தில், "இதில் யாருக்கு எது வேணும்?" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பூஜை அலமாரியின் படம் ஒன்று வந்து விழும். எல்லாம் பித்தளை, எல்லாம் ஒரே மஞ்சள் நிறம், எல்லாம் நேர் முன்னாலிருந்து எடுத்தது. மணி எது, சிமிழ் எது என்று சொல்ல மூன்று வழிகள் உண்டு. மொத்த உருவத்தைப் பார்ப்பது ஒன்று. கைப்பிடி, மூடி, மூக்கு என்று உறுப்புகளைப் பார்ப்பது இன்னொன்று. மூன்றாவது, கரி, எண்ணெய், குங்குமம் என்று படிந்திருக்கும் கறையைப் பார்ப்பது. மூன்றும் ஒரே அளவுக்கு நம்பகமானவை அல்ல.

பெரும்பாலோர் உருவத்தில்தான் தொடங்குகிறார்கள். குத்துவிளக்குக்கு அது போதும், வேறு எதோடும் அதைக் குழப்ப முடியாது. தாம்பாளத்துக்கும் போதும். சிக்கல் சின்னப் பொருள்களில்தான். கைமணியும், பாதம் வைத்த குங்குமச் சிமிழும் தூரத்துப் படத்தில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். இரண்டுக்கும் மேலே ஒரு கூம்பு, நடுவில் குவிந்த வயிறு, கீழே ஒரு விளிம்பு. கைப்பிடியில் நந்தியோ கருடனோ அனுமனோ சங்கு சக்கரமோ தெரிந்தால் மணி என்று சொல்லிவிடலாம். வெறும் கடைசல் பிடியாக இருந்தால் மூடியின் குமிழுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. மணியின் நாக்கைத் தேடிப் பயனில்லை, நிற்க வைத்த மணியில் அது உள்ளே மறைந்துவிடும்.

இந்த இடத்தில் உறுப்பு வழி ஜெயிக்கிறது. முதலில், பொருள் எங்கே அகலமாக இருக்கிறது என்று பாருங்கள். மணிக்கு அகலம் அடி விளிம்பில், அதாவது தரையைத் தொடும் இடத்திலேயே இருக்கும். சிமிழுக்கு அகலம் நடுவில்; அதற்குக் கீழே குறுகி, பிறகு பாதம் விரியும். அடுத்தது மூடிக்கோடு. மணியின் உடம்பிலும் கடைசல் வளையங்கள் உண்டு, அதனால் ஏதோ ஒரு கோடு தெரிகிறது என்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது. படத்தைப் பெரிதாக்கி, பளபளப்பு எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். மணியில் வெளிச்சக் கீற்று மேலிருந்து கீழே வளையங்களைத் தாண்டித் தொடர்ந்து இறங்கும். சிமிழில் மூடி சேரும் இடத்தில் அந்தக் கீற்று முறிந்து, சற்று விலகி மறுபடி தொடங்கும். கோட்டுக்கடியில் மெல்லிய நிழலும் விழும். மூடி கொஞ்சம் கோணலாக உட்கார்ந்திருந்தால் வேலை இன்னும் சுலபம்.

விளக்கு விஷயத்தில் உறுப்பு வழிக்கும் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. சின்ன விளக்கை அடையாளம் காட்டுவது திரி வைக்கும் மூக்கு. மூக்கு பக்கவாட்டில் திரும்பியிருந்தால் சந்தேகமே இல்லை. ஆனால் சாமியைப் பார்த்தோ வாசலைப் பார்த்தோ ஏற்றி வைத்திருப்பார்கள், கேமராவும் நேர் எதிரே நிற்கும். மூக்கு நம்மை நோக்கி நீளும்போது படத்தில் அது சுருங்கி, விளக்கு வெறும் கிண்ணமாகத் தெரியும். காமாட்சி விளக்கு மட்டும் தப்பிக்கும், பின்னால் நிற்கும் உருவத் தகடு காட்டிக் கொடுத்துவிடும். நெய் விளக்கு என்று விற்கும் சிலவற்றுக்கு மூக்கே கிடையாது. கிண்ணத்தின் நடுவில் திரி நேராக நிற்க ஒரு சின்னத் துளை அல்லது குழல் இருக்கும், முன்பக்கப் படத்தில் அது தெரியவே தெரியாது. இதையும் சந்தனக் கிண்ணத்தையும் பிரிக்க உருவமோ உறுப்போ உதவாது.

சரி, கறைக்கு வருவோம். புழங்கும் வீட்டு அலமாரியில் எனக்கு இதன்மேல்தான் அதிக நம்பிக்கை. ஆனால் கறை எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். எண்ணெய் விளக்கில் கரி மூக்கின் நுனியில் குவிந்திருக்கும். கற்பூரத் தட்டில் கரி நடுவில் பரந்து கறுத்திருக்கும், ஏனென்றால் கற்பூரம் அங்கேதான் எரிகிறது. தூபக்காலில் கறுப்பு கிண்ணத்தின் உட்புறச் சுவரில் ஏறி, கூடவே சாம்பல் பூத்திருக்கும். நெய் ஆறினால் மஞ்சள் கலந்த குருணையாகத் தங்கும். நல்லெண்ணெய் அப்படி உறையாது. தேங்காய் எண்ணெய் குளிரில் உறையும், ஆனால் வெள்ளை வெளேரென்று இருக்கும். மங்கலான படத்தில் இந்த வித்தியாசத்தைப் பிடிப்பது கஷ்டம்தான்.

குங்குமம்தான் பெரிய ஏமாற்றுக்காரர். சிவப்பு தெரிந்தால் சிமிழ் என்று பலரும் சொல்லிவிடுகிறார்கள். நம் வீடுகளில் விளக்கு, மணி, சொம்பு எல்லாவற்றுக்கும் மஞ்சள் குங்குமப் பொட்டு வைப்போமே! வெளிப்புறத்தில் வட்டமாக, ஒரே இடத்தில் இருக்கும் சிவப்பு வெறும் அலங்காரம். சிமிழின் சிவப்பு வேறு மாதிரி: வாய் விளிம்பிலும் மூடியின் குமிழிலும், விரல் தொட்டுத் தொட்டு ஒழுங்கில்லாமல் தேய்ந்திருக்கும்.

ஒரு படத்தை வைத்துப் பார்ப்போம். மேல் தட்டில் இடமிருந்து நான்கு பொருள்கள். முதலாவது கூம்பு வைத்த உருவம், வயிற்றில் சிவப்புப் பொட்டு. உருவம் சிமிழ் என்கிறது, பொட்டும் ஆமாம் போடுகிறது. ஆனால் அகலம் அடி விளிம்பில் இருக்கிறது, வெளிச்சக் கீற்றும் முறியவில்லை. அப்படியானால் மணி. இரண்டாவது சின்னக் கிண்ணம், மூக்கு தெரியவில்லை, முன் விளிம்பில் மட்டும் ஒரு விரற்கடை அகலத்துக்குக் கறுப்பு. நம்மைப் பார்த்துத் திரும்பிய அகல் விளக்கு. மூன்றாவது சுவரில் சாய்த்து வைத்த தட்டு. நடுவில் மேடும் கறுப்பும் இருந்தால் கற்பூர ஆரத்தித் தட்டு. சுத்தமாக, மட்டமாக இருந்தால் தாம்பாளமாக இருக்கலாம், ஆரத்தி கரைக்கவும் அதே தட்டைத்தான் எடுப்போம். இந்தப் படத்தில் நடு கறுத்திருக்கிறது. நான்காவது நீண்ட பிடி, நுனியில் கிண்ணம். ஐந்து சின்ன மூக்குகள் இருந்தால் பஞ்சாரத்தி, ஒன்றுதான் என்றால் ஏகாரத்தி, மூக்கில்லாத ஆழமான கிண்ணம் என்றால் தூபக்கால். கிண்ணம் பாதி மறைந்திருக்கிறது, அதனால் இதற்கு எந்தப் பெயரையும் ஒட்டாமல் விடுவதே நேர்மை.

கடை அலமாரியின் படமாக இருந்தால் இந்த வரிசை தலைகீழாகும். புதுச் சாமானில் கறை கிடையாது, பொட்டும் கிடையாது, அதனால் உறுப்பு ஒன்றே கதி. அளவும் தெரியாது, சாமிக்கு முன் வைக்கும் குட்டி விளக்கும் அரை அடி விளக்கும் ஒரே மாதிரி நிற்கும். பக்கத்தில் ஒரு தீப்பெட்டி வைக்கச் சொன்னால் போதும், அதன் நீளம் ஏறத்தாழ 5 செ.மீ. என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். அப்புறம் ஃபிளாஷ் வேண்டாம் என்று சொல்லுங்கள், பித்தளையில் அது மூடிக்கோட்டையே அழித்துவிடும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி, பொருளுக்குச் சற்று மேலிருந்து சரித்து எடுத்த ஒரு படம் கிடைத்தால் கிண்ணங்களின் உள்பக்கம் தெரிந்துவிடும். பஞ்சாரத்தியா தூபக்காலா என்ற கேள்விக்கும் அந்தப் படத்தில்தான் விடை இருக்கும்.