பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புக் காணொளி: சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி அறிந்தவை

கோவைக்கு அருகே வாகன உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், உள்ளகப் புகார் குழுவின் உறுப்பினராக இருக்கிறேன். பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுப்பதற்கான 2013ஆம் ஆண்டுச் சட்டம், ஊழியர்களுக்கு அவ்வப்போது விழிப்புணர்வுப் பயிற்சி நடத்தும் கடமையை நிர்வாகத்தின் மீது வைத்துள்ளது. எங்கள் ஆலையில் முன்பெல்லாம் சட்டப் பிரிவுகளைத் திரையில் காட்டி வாசிப்பதோடு அந்தப் பயிற்சி முடிந்துவிடும். சில ஆண்டுகளுக்கு முன் தமிழில் எடுக்கப்பட்ட ஒரு பயிற்சிக் காணொளியை வாங்கினோம். அன்று முதல் புதிதாகச் சேருபவர்களுக்கும், ஆண்டுக்கொரு முறை எல்லா ஷிப்டுகளுக்கும் அதைத்தான் காட்டி வருகிறோம்.

காணொளி ஒரே ஒரு கதையைப் பின்தொடர்கிறது. தரப் பரிசோதனைப் பிரிவில் கான்ட்ராக்டில் வேலை செய்யும் ஒரு பெண்ணிடம், கம்பெனி பஸ்ஸில் சூப்பர்வைசர் அவளுடைய உடையைப் பற்றிப் பேசுகிறார். சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் சிரிக்கிறார்கள். பிறகு இரவு நேரத்தில் வாட்ஸ்அப் செய்திகள் வரத் தொடங்குகின்றன. அவள் பதில் போடாமல் இருக்கவே, கான்ட்ராக்ட் புதுப்பிப்புத் தன் கையெழுத்தில்தான் இருக்கிறது என்று உற்பத்தி லைனில் வைத்துச் சொல்கிறார். இவற்றில் பஸ் காட்சிதான் எங்கள் ஆட்களை முதலில் நிமிர்ந்து உட்கார வைக்கிறது. ஆலை வாசலுக்கு வெளியே நடப்பது கம்பெனியைச் சேர்ந்ததல்ல என்பது பலருடைய நினைப்பு. நிர்வாகம் ஏற்பாடு செய்த வாகனமும் சட்டப்படி பணியிடமே என்பதையும், கான்ட்ராக்ட் தொழிலாளியும் பயிற்சியாளரும் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வருவார்கள் என்பதையும் கதையின் போக்கிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

காட்சிகளை எடுத்த விதத்தில் மிகுந்த பொறுப்பு தெரிகிறது. தொடுதல் எதையும் நடித்துக் காட்டவில்லை. அந்தப் பெண்ணின் கண்ணீரை நெருக்கத்தில் காட்டிப் பார்ப்பவரை உருக வைக்கவும் முயலவில்லை. சூப்பர்வைசர் வேலையில் கெட்டிக்காரர், எல்லோருக்கும் வேண்டியவர். அவரைக் கொடியவராக வரைந்திருந்தால், பார்க்கும் ஆண்கள் "இது நம்மைப் பற்றியது அல்ல" என்று ஒதுங்கியிருப்பார்கள் என்பது என் உறுதியான எண்ணம். பஸ்ஸில் சிரித்தவர்களில் ஒருவர் பின்னால் சாட்சி சொல்ல முன்வருவதும் முக்கியமானது. உடன் இருந்தவர்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது என்பதை அது காட்டிவிடுகிறது.

ஆனாலும் இந்தக் காணொளியை நான் தொடர்ந்து பரிந்துரைப்பதற்குக் காரணம் அதன் இரண்டாம் பாதி. புகார் கொடுக்கும் முறையைத் தேதிகளோடு நடத்திக் காட்டுகிறார்கள். முதல் செய்தி ஜனவரி 10ஆம் தேதி வருகிறது. மிரட்டல் ஏப்ரல் 4ஆம் தேதி நடக்கிறது. அவள் குழுவிடம் வருவது ஜூன் 20ஆம் தேதி. இந்த இடத்தில் காணொளி நின்று, புகார் தாமதமாகிவிட்டதா என்று கேட்கிறது. எங்கள் அரங்கில் பெரும்பாலானோர் ஆமாம் என்றே சொல்வார்கள். சம்பவம் தொடர்ச்சியாக நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்துதான் மூன்று மாதம் எண்ண வேண்டும் என்பதால், அவளுக்கு ஜூலை தொடக்கம் வரை நேரம் இருக்கிறது. புகார் கொடுக்க முடியாத சூழல் இருந்ததாகக் குழுவுக்குத் தெரிந்தால், காரணத்தை எழுத்தில் பதிவு செய்து மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம் என்பதையும் அடுத்த காட்சி சொல்கிறது.

அதன் பிறகு ஒவ்வொரு படியும் அவள் கண்ணோட்டத்திலேயே நகர்கிறது. எழுத்தில் கொடுக்கத் தயங்குபவளுக்குக் குழுத் தலைவி உட்கார்ந்து எழுத உதவுகிறார்; அது சலுகை அல்ல, சட்டம் அவருக்கு இட்டிருக்கும் கடமை. புகாரின் நகல் ஏழு வேலை நாட்களுக்குள் சூப்பர்வைசருக்குப் போகிறது. கிடைத்த பத்து வேலை நாட்களுக்குள் அவர் பதில் தர வேண்டும். விசாரணை 90 நாட்களுக்குள் முடிய வேண்டும், அறிக்கை அடுத்த 10 நாட்களுக்குள் நிர்வாகத்திடம் போக வேண்டும், நிர்வாகம் 60 நாட்களுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். இடைக்காலத்தில், அவள் எழுதிக் கேட்டதன் பேரில், குழுவின் பரிந்துரைப்படி சூப்பர்வைசர்தான் வேறு ஷிப்டுக்கு மாற்றப்படுகிறார்; அவளுடைய வேலையை மதிப்பிடும் பொறுப்பும் அவரிடமிருந்து எடுக்கப்படுகிறது. கான்ட்ராக்ட் புதுப்பிப்பை வைத்து மிரட்டிய கதையில் இந்த இரண்டாவது ஏற்பாடு எவ்வளவு அவசியம் என்பதைப் பார்ப்பவர்கள் தாமாகவே புரிந்துகொள்கிறார்கள்.

பயிற்சி பலன் தந்ததா என்பதை நான் கேள்விகளைக் கொண்டு அறிகிறேன். முன்பு எழுந்த கேள்விகள் எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்பதோடு நின்றுவிடும். இப்போது, செய்திகளை அழித்துவிட்டால் புகார் நிற்குமா, சாட்சி சொன்னவரின் பெயர் வெளியே வருமா என்று கேட்கிறார்கள். செய்தி அழிந்தாலும் புகார் கொடுக்கத் தடையில்லை, குழு மற்றச் சான்றுகளையும் சாட்சிகளையும் பார்க்கும் என்றும், புகார்தாரர், எதிர்த்தரப்பு, சாட்சி ஆகிய எல்லோருடைய அடையாளத்தையும் வெளியிடுவதைச் சட்டம் தடை செய்கிறது என்றும் விளக்குவோம். இப்படிப்பட்ட கேள்விகள் வராத கூட்டத்தில், காணொளி ஓடியதே தவிர யாரும் பார்க்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

குறைகளில் பெரியது, சமரசம் பற்றிய பகுதி. அரை நிமிடத்தில், "இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளவும் வழி உண்டு" என்று கடந்துபோகிறார்கள். இதைக் கேட்டுவிட்டு, முதலில் கூப்பிட்டு வைத்துப் பேசி முடிப்பதுதான் முறை என்று சில மேலாளர்கள் புரிந்துகொண்டதை நான் பார்த்திருக்கிறேன். சட்டம் சொல்வது வேறு. சமரசம் என்பது விசாரணை தொடங்கும் முன், பாதிக்கப்பட்ட பெண் தானாகக் கேட்டால் மட்டுமே நடக்க வேண்டியது. குழுவோ நிர்வாகமோ அதை முன்மொழியக் கூடாது. பணம் கொடுத்து முடிப்பது சமரசத்துக்கு அடிப்படையாக இருக்கவும் கூடாது. ஒப்புக்கொண்ட நிபந்தனையை எதிர்த்தரப்பு மீறினால் அவள் மீண்டும் குழுவிடம் வந்து விசாரணை கோரலாம். இப்போது அந்த இடம் வந்ததும் காணொளியை நிறுத்திவிட்டு, இதை நாங்களே நிதானமாகச் சொல்கிறோம்.

மொழி இன்னொரு தடை. எங்கள் ஆலையில் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பெண்கள் கணிசமாக வேலை செய்கிறார்கள். காணொளியில் இந்தி எழுத்துகள் கீழே ஓடுகின்றன என்றாலும், அதை வாசித்துக்கொண்டே காட்சியைத் தொடர முடியாதவர்கள் பலர். அவர்களுக்கென்று தனி அமர்வு வைத்து, மொழி தெரிந்த சக ஊழியர் ஒருவரைக் கொண்டு காட்சிக்குக் காட்சி சொல்ல வைத்த பிறகுதான் அவர்களிடமிருந்தும் கேள்விகள் வரத் தொடங்கின. குரல்பதிவே அவர்கள் மொழியில் இருந்திருந்தால் இந்த இடைவெளி வந்திருக்காது.

வாங்க நினைப்பவர்கள் கடைசிச் சட்டகத்தைத் தங்களால் மாற்ற முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். குழு உறுப்பினர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் வரும் இடம் அது. உறுப்பினர்களின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேற்படக் கூடாது என்பதால் அந்தத் தகவல் நிச்சயம் மாறும். எங்களிடம் இருப்பதில் அது படத்தோடு சேர்த்துப் பதிக்கப்பட்டிருக்கிறது. அதனால் ஒவ்வொரு முறையும் அந்தச் சட்டகத்துக்கு முன்பே நிறுத்தி, இப்போதைய பெயர்ப் பட்டியலைத் தமிழிலும் இந்தியிலும் அச்சிட்டுக் கையில் கொடுக்கிறோம். அதையே கேன்டீன் சுவரிலும் பெண்கள் ஓய்வறையிலும் ஒட்டுகிறோம்.