அல் ஐனா, துபாயா? அப்பாவின் கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு ஊரிலும் வேலை கிடைத்திருக்கிறது, எந்த ஊருக்கு வருவது என்று கேட்டிருந்தாய். சம்பளத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் எந்த ஊர் யாருக்குக் கீழே என்று புரிந்துகொள்.

எமிரேட்: இது நம் நாட்டில் மாநிலம் மாதிரி. துபாய் என்பது நகரத்தின் பெயர், எமிரேட்டின் பெயரும் அதுதான். அல் ஐன் தனி எமிரேட் இல்லை, அபுதாபியைச் சேர்ந்தது. இத்தனைக்கும் நான் இருக்கும் அல் ஐனிலிருந்து துபாய்தான் பக்கம்; அபுதாபி நகரம் 160 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இந்த ஊர் வண்டிகளின் நம்பர் பலகையிலும் அபுதாபி என்றுதான் இருக்கும். வந்த புதிதில் எனக்கு இதுதான் பெரிய குழப்பம்.

நகராட்சி: துபாய் எமிரேட்டுக்கு ஒன்றே ஒன்று. அபுதாபிக்கு மூன்று: அபுதாபி நகரம், அல் ஐன், அல் தஃப்ரா. இங்கே தெரு, பூங்கா என்றால் அல் ஐன் நகராட்சிதான்.

பகுதி: அங்கே தேரா, அல் கூஸ், இங்கே ஹீலி, அல் ஜிமி, நான் இருக்கும் சனாயா. இவற்றுக்குத் தனி நகராட்சி கிடையாது. நீ இருக்கும் இடத்தைச் சொல்ல உதவும், அவ்வளவுதான்.

கையில் பிடிபடும் வித்தியாசம் வேறு. வீட்டு ஒப்பந்தத்தை அங்கே எஜாரியில் பதிவார்கள், இங்கே தவ்தீக்கில். பஸ்ஸுக்கு அங்கே நோல் அட்டை, இங்கே ஹாஃபிலாத். ஒன்று மற்றதில் செல்லாது.

என் கணக்கு இதுதான்: அடிக்கடி வேலை மாறும் எண்ணம் இருந்தால் துபாய். ஒரே கம்பெனியில் இருந்து காசு சேர்க்க நினைத்தால் அல் ஐன். முடிவு செய்துவிட்டு போன் பண்ணு.

அப்பா