ஐ2சி பஸ், மூன்று டாஸ்க், ஒரு மியூடெக்ஸ்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

வேறொரு லேபில் ஃப்ரீஆர்டிஓஎஸ் வைத்து ஒரு பாடம் தொடங்கப்போகும் நண்பர், "மியூடெக்ஸ் போட்டால் பிரயாரிட்டி இன்வெர்ஷன் தீர்ந்துவிடும்தானே?" என்று கேட்டார். எங்கள் லேபில் கார்டெக்ஸ்-எம்4 போர்டுகளில் இதைச் சில வருடமாக ஓட்டிவருகிறோம். தீரும். ஆனால் அந்தத் தீர்வோடு சேர்ந்து வரும் ஒரு விஷயம் என்னை இன்றுவரை எரிச்சல்படுத்துகிறது.

எங்களிடம் வந்த கோடில் மூன்று டாஸ்க்குகள். மோட்டார் டாஸ்க் 20 மில்லி விநாடிக்கு ஒருமுறை எழுந்து, ஐ2சி பஸ்ஸில் உள்ள சென்சாரைப் படித்து வேகத்தைத் திருத்தும். அதன் பிரயாரிட்டி 3. ஃபில்டர் டாஸ்க் அதிர்வுத் தரவு சேர்ந்ததும் ஒரே மூச்சில் 30 மில்லி விநாடி கணக்குப் போடும், பிரயாரிட்டி 2. லாக் டாஸ்க் அதே பஸ்ஸில் இருக்கும் ஈஈப்ராமில் அவ்வப்போது எழுதும், பிரயாரிட்டி 1. ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் எண் கூடினால் பிரயாரிட்டி கூடும்.

மோட்டார் எப்போதாவது ஒருமுறை வெட்டும். அப்புறம் வெகுநேரம் ஒழுங்காக ஓடும். printf சேர்த்தால் நேரக்கணக்கு மாறி, வெட்டு வேறு இடத்துக்குப் போய்விடும். இதைப் பிடிக்க எனக்குத் தெரிந்த நம்பகமான வழி ஒன்றுதான்: டாஸ்க்குக்கு ஒரு ஜிபிஐஓ பின் ஒதுக்கி, அது ஓடும்போது பின்னை உயர்த்தி, லாஜிக் அனலைசரில் மூன்று கோடுகளையும் ஒன்றின்கீழ் ஒன்றாகப் பார்ப்பது.

பார்த்தபோது தெரிந்தது இது. 0-வது மில்லி விநாடியில் லாக் டாஸ்க் பஸ்ஸின் பூட்டை எடுக்கிறது. 100 கிலோஹெர்ட்ஸில் 40 பைட் எழுத ஏறக்குறைய 4 மில்லி விநாடி ஆகும். டிரைவர் போலிங் முறையில் எழுதப்பட்டது என்பதால் அந்த நேரம் முழுக்க சிபியு அதற்கு வேண்டும். 1-ல் மோட்டார் டாஸ்க் எழுந்து பூட்டைக் கேட்கிறது, கிடைக்கவில்லை, காத்திருக்கிறது. இதில் தப்பு எதுவும் இல்லை. பஸ் ஒன்று என்றால் ஒருவர் முடிக்கும்வரை இன்னொருவர் நிற்கத்தான் வேண்டும். 2-ல் ஃபில்டர் டாஸ்க் தயாராகிறது. அதற்குப் பஸ்ஸே வேண்டாம். ஆனால் அதன் பிரயாரிட்டி லாக் டாஸ்க்கைவிட அதிகம். உடனே சிபியுவை எடுத்துக்கொண்டு 32 வரை ஓடுகிறது. அதன்பின்தான் லாக் டாஸ்க் மிச்சமிருந்த 2 மில்லி விநாடி வேலையை முடித்து 34-ல் பூட்டை விடுகிறது. 3 மில்லி விநாடி காத்திருக்க வேண்டிய மோட்டார் டாஸ்க் 33 காத்திருந்தது. 20-க்குள் முடிய வேண்டிய சுற்று தவறிப்போனது.

பூட்டில் காத்திருப்பதற்கு ஒரு கணக்கு உண்டு, அது பூட்டை வைத்திருப்பவரின் வேலை அளவு. இங்கே தாமதத்தை நிர்ணயித்தது பூட்டோடு சம்பந்தமே இல்லாத மூன்றாவது டாஸ்க். இதுதான் பிரயாரிட்டி இன்வெர்ஷன். நடுப் பிரயாரிட்டியில் இன்னும் இரண்டு டாஸ்க் சேர்த்தால் அவற்றின் நேரமும் இதில் கூடும். நாசாவின் பாத்ஃபைண்டர் 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கியபின் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனதும் இதனால்தான். வானிலைத் தரவு டாஸ்க் ஒரு பூட்டை வைத்திருந்தது, பஸ் நிர்வாக டாஸ்க் அதற்குக் காத்திருந்தது, நடுப் பிரயாரிட்டித் தகவல்தொடர்பு டாஸ்க் இடையில் ஓடியது. காத்திருப்பவரின் பிரயாரிட்டியைப் பூட்டை வைத்திருப்பவருக்குத் தற்காலிகமாகக் கொடுப்பதற்கு இன்ஹெரிட்டன்ஸ் என்று பெயர். பாத்ஃபைண்டரில் ஓடிய விஎக்ஸ்வொர்க்ஸில் அந்தப் பூட்டுக்கு அது அணைக்கப்பட்டிருந்தது. பூமியில் இருந்த நகல் கருவியில் பிரச்சினையை மறுபடி வரவழைத்துப் பார்த்து, இன்ஹெரிட்டன்ஸை இயக்கச் சொல்லி விண்கலத்துக்கு அனுப்பினார்கள்.

எங்கள் கோடில் பஸ் பூட்டு இப்படி உருவாக்கப்பட்டிருந்தது:

```c
bus = xSemaphoreCreateBinary();
xSemaphoreGive(bus);
```

பைனரி செமஃபோருக்கு உரிமையாளர் என்று யாரும் கிடையாது. யார் எடுத்தார் என்று கெர்னல் குறித்து வைப்பதில்லை, ஆகவே யாரை உயர்த்துவது என்றும் அதற்குத் தெரியாது. மியூடெக்ஸ் எடுத்தவரைக் குறித்து வைக்கும். இரண்டுக்கும் கைப்பிடி வகை SemaphoreHandle_t, எடுப்பதும் விடுவதும் அதே xSemaphoreTake, xSemaphoreGive. அதனால் கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லாது. மாற்றியது இவ்வளவுதான்:

```c
bus = xSemaphoreCreateMutex();
```

மியூடெக்ஸ் உருவாகும்போதே திறந்திருக்கும், எனவே அந்த ஆரம்ப Give தேவையில்லை. configUSE_MUTEXES 1 ஆக இருக்க வேண்டும். மியூடெக்ஸை இன்டரப்டுக்குள்ளிருந்து தொடக்கூடாது.

அனலைசரில் அடுத்து வந்த படம் எனக்கு இன்றும் சந்தோஷம் தருகிறது. 1-ல் மோட்டார் டாஸ்க் பூட்டைக் கேட்டு நின்ற உடனே கெர்னல் லாக் டாஸ்க்கின் பிரயாரிட்டியை 3 ஆக்குகிறது. 2-ல் தயாரான ஃபில்டர் டாஸ்க் இப்போது குறுக்கே வர முடியாது. 4-ல் லாக் டாஸ்க் பூட்டை விட்டு 1-க்கு இறங்குகிறது, மோட்டார் டாஸ்க் அங்கேயே ஓடுகிறது. காத்திருப்பு 3 மில்லி விநாடி. பஸ் வேலை குறையவில்லை, 3 மில்லி விநாடி அப்படியே இருக்கிறது. சம்பந்தமில்லாதவர் நுழைவது மட்டும் நின்றது. ஃபில்டர் கொஞ்சம் தாமதமாக முடிகிறது, அதை அது தாங்கும்.

இனி எரிச்சலுக்கு வருகிறேன். பிறகு லாக் டாஸ்க்குக்கு எஸ்டி கார்டும் சேர்ந்தது. கார்டுக்கு ஒரு மியூடெக்ஸ். லாக் டாஸ்க் அதை எடுக்கும், அதை வைத்துக்கொண்டே பஸ் மியூடெக்ஸை எடுத்துக் கடிகாரச் சிப்பில் நேரம் படிக்கும், பஸ்ஸை விட்டுவிடும், அப்புறம் கார்டில் எழுதும். நேரம் படிக்கும்போது மோட்டார் டாஸ்க் பஸ்ஸுக்குக் காத்திருந்தால் லாக் டாஸ்க் 3-க்கு ஏறும். பஸ்ஸை விட்டதும் இறங்க வேண்டாமா? இறங்காது. ஃப்ரீஆர்டிஓஎஸ், டாஸ்க் கையில் ஒரு மியூடெக்ஸ்கூட மிச்சமில்லை என்றால்தான் பழைய பிரயாரிட்டிக்குத் திருப்புகிறது. uxMutexesHeld என்ற எண்ணிக்கை 0 ஆக வேண்டும். எந்த மியூடெக்ஸால் ஏறியது என்று அது பார்ப்பதில்லை.

விளைவு அனலைசரில் அப்பட்டமாகத் தெரியும். லாக் டாஸ்க் 3-லேயே இருந்துகொண்டு கார்டு எழுதும் நேரம் முழுக்க ஃபில்டரைப் பட்டினி போடுகிறது. மோட்டார் டாஸ்க்குக்கும் நல்லதில்லை. இரண்டும் சமப் பிரயாரிட்டி என்பதால் பூட்டு கிடைத்த நொடியில் அது லாக் டாஸ்க்கைத் தள்ளி ஓட முடியாது. அடுத்த டிக் வரும்வரை நிற்கும். 1000 ஹெர்ட்ஸ் டிக்கில் அது 1 மில்லி விநாடிவரை போகலாம். அதன்பிறகும் இரண்டும் டிக்குக்கு டிக் மாறி மாறித்தான் ஓடும்.

சிறிய கெர்னலில் இந்த எளிமைக்குக் காரணம் உண்டு, அதை ஒப்புக்கொள்கிறேன். ஒவ்வொரு மியூடெக்ஸிலும் யார் யார் காத்திருக்கிறார்கள் என்று பார்த்து மறுபடி கணக்கிடுவது நேரமும் நினைவகமும் கேட்கும். ஆனால் நான் எழுதும் கோடில் வரிசையை மாற்றலாம்: முதலில் நேரத்தைப் படித்து முடி, பிறகு கார்டு மியூடெக்ஸை எடு. ஒரே நேரத்தில் இரண்டைக் கையில் வைக்காதே. அப்படி மாற்றினோம், சரியானது. டிரைவர் நூலகம் உள்ளுக்குள் தன் சொந்த மியூடெக்ஸை எடுத்திருந்தால் என்ன செய்வது? வெளியிலிருந்து அது தெரியவே தெரியாது, நூலகத்தைத் திறந்து படித்தால்தான் உண்டு.

அதனால், இந்த ஒரு வரி அவ்வளவு நன்றாக வேலை செய்தும், அடுத்த போர்டில் ஐ2சி பஸ்ஸுக்கு மியூடெக்ஸ் போடப்போவதில்லை. பஸ்ஸைத் தொட ஒரே ஒரு டாஸ்க், மற்றவை அதற்கு க்யூவில் கோரிக்கை அனுப்பும். அந்த டாஸ்க்கின் பிரயாரிட்டியை நானே நிர்ணயிப்பேன், அது ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம். லாக் டாஸ்க்கின் 40 பைட்டைத் துண்டுகளாக அனுப்பச் சொல்ல வேண்டியிருக்கும், இல்லையென்றால் மோட்டார் கோரிக்கை க்யூவில் அதன் பின்னால் நிற்கும். அந்த வேலை எனக்குச் சம்மதம்.