65 வாட் சார்ஜர்: வேலையில் குறையில்லை, சத்தம்தான் தாங்கவில்லை

இந்தச் சார்ஜரின் விலை போன மாதம் இறங்கியதிலிருந்து "வாங்கலாமா மச்சான்?" என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். எத்தனை வாட், எத்தனை துளை, எந்தப் போனுக்கு எவ்வளவு வேகம் என்பதெல்லாம் பெட்டியிலேயே இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு மேல் பாவித்தவன் என்ற முறையில் பெட்டியில் எழுதாத ஒன்றைச் சொல்கிறேன். இது கீச்சிடும்.

எல்லா நேரமும் இல்லை. லாப்டொப்பைக் கொழுவினால் சத்தமே கிடையாது. போன் பாதி சார்ஜில் இருந்தாலும் அமைதிதான். போன் 95 வீதத்தைத் தாண்டும்போதுதான் காதுக்குள் நுளம்பு புகுந்த மாதிரி ஆரம்பிக்கும். நூறு வீதம் ஆனபின் விடியும்வரை அதே கதை. போனைக் கழற்றிவிட்டுச் சார்ஜரை மட்டும் பிளக்கில் விட்டாலும் மெல்லிய சத்தம் இருக்கும். எனக்குக் கேட்காத நேரத்திலும் "அப்பா, இரையுது" என்பாள் மகள். சின்னவர்களுக்கு உயர்ந்த சுரங்கள் நன்றாகக் கேட்கும்.

வேலை கூடினால் அமைதி, வேலை குறைந்தால் சத்தம் என்பது தலைகீழாகத் தெரியலாம். ஆனால் இது பழுதில்லை. சார்ஜருக்குள் மின்சாரம் வினாடிக்குப் பல பத்தாயிரம் தடவை வெட்டி வெட்டி விடப்படுகிறது. 65 கிலோஹேர்ட்ஸ் என்பது சாதாரணமாகக் காணும் அளவு. மனிதக் காது 20 கிலோஹேர்ட்ஸோடு நின்றுவிடும், அதனால் அந்த வெட்டு நமக்குக் கேட்காது. போன் நிரம்பியபின் அவ்வளவு மின்சாரம் தேவையில்லை. எனவே உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு கொஞ்ச நேரம் வெட்டிவிட்டுச் சும்மா இருக்கும், மறுபடி கொஞ்சம் வெட்டும். இறக்கத்தில் சைக்கிள் விடுகிறவர் இரண்டு மிதி மிதித்துவிட்டு, வேகம் குறைந்த பிறகு மீண்டும் இரண்டு மிதி மிதிப்பதைப் போல. வெட்டு எவ்வளவு வேகமானாலும், இந்த மிதித்து நிறுத்தும் சுற்று வினாடிக்குச் சில நூறிலிருந்து சில ஆயிரம் தடவைக்குள் விழும்போது நம் காதுக்கு எட்டிவிடுகிறது. ஒவ்வொரு மிதிக்கும் ட்ரான்ஸ்போமரின் பெரைட் கருவும் செப்புச் சுற்றும் நூலளவு அசைகின்றன. சில செரமிக் கப்பாசிட்டர்கள் மின்னழுத்தம் ஏறி இறங்கும்போது விரிந்து சுருங்கி, தாங்கள் ஒட்டியிருக்கும் பலகையையே ஒலிபெருக்கி ஆக்கிவிடும்.

சும்மா இருக்கும்போது மின்சாரத்தைத் தின்னக்கூடாது என்பதற்காகவே இப்படிச் செய்கிறார்கள். நல்ல நோக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் ட்ரான்ஸ்போமரை வார்னிஷில் தோய்த்து, கருவைப் பசை போட்டு இறுக்கினால் சத்தத்தில் பெரும்பகுதி அடங்கிவிடும் என்பதும் தயாரிப்பவர்களுக்குத் தெரியும். நண்பன் வாங்கிய இதே மாடல் வாயே திறப்பதில்லை. என்னுடையது மட்டும் இரவு முழுக்கக் கத்துகிறது. கடையில் கொண்டுபோய்க் கேட்டபோது, "உது எல்லாத்துக்கும் வாறதுதான் தம்பி, பழுதில்லை" என்றார்கள். சொன்னது சரி. ஆனால் சரியான பதிலைக் கேட்டு இவ்வளவு எரிச்சல் எனக்கு வந்ததில்லை.

கரண்ட் போய் இன்வேட்டருக்கு மாறியதும் சத்தம் தடித்தால் உடனே பயப்பட வேண்டாம். மலிவான இன்வேட்டர்கள் படிக்கட்டுப்போல வெட்டிய அலையைக் கொடுப்பதால், சார்ஜர் மின்சாரத்தைத் திடீர்த் திடீரென்று இழுக்கிறது. கரண்ட் வந்து பழையபடி ஆகிவிட்டால் விட்டுவிடலாம்.

பயப்பட வேண்டிய சத்தம் எப்படி இருக்கும் என்று எங்கள் வீட்டு ரௌட்டரின் அடப்டர் காட்டியது. 12 வோல்ட், சின்னக் கறுப்புப் பெட்டி. வாங்கிய நாளிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அலுமாரிக்குப் பின்னால், காற்றுப் புகாத மூலையில், இரவு பகலாக ஓடியது. இந்தச் சித்திரை வெக்கையில் அது "ம்ம்ம்" என்று தாழ்ந்த குரலில் முனகத் தொடங்கியது. அப்புறம் வீட்டில் இரண்டு பேர் வீடியோ பார்த்தால் ரௌட்டர் அணைந்து அணைந்து வரும். ரௌட்டரைக் கழற்றிவிட்டு மல்ட்டிமீற்றரை வைத்தால் 12 வோல்ட் ஒழுங்காகக் காட்டியது. ரௌட்டரைக் கொழுவி அளந்தால் ஒன்பது, பத்து என்று ஆடியது. சும்மா இருந்தால் அமைதி, வேலை கொடுத்தால் முனகல். என் சார்ஜருக்கு நேர்மாறு.

திருத்துகிற அண்ணை அதைத் திறந்து காட்டினார். 400 வோல்ட் கப்பாசிட்டரின் தலை வீங்கியிருந்தது. சுவரிலிருந்து வரும் 50 ஹேர்ட்ஸ் மின்சாரம் வினாடிக்கு 100 தடவை தாழ்ந்து எழும். அந்தப் பள்ளங்களை நிரப்புவதுதான் இந்தக் கப்பாசிட்டரின் வேலை. உள்ளிருக்கும் திரவம் வற்றிவிட்டால் பள்ளம் நிரம்பாது. பாரம் கூடும்போது வெளியே போகும் வோல்ட்டும் வினாடிக்கு 100 தடவை சரியும். அந்த முனகல் அதுதான். சூடு 10 பாகை குறைந்தால் இந்த வகைக் கப்பாசிட்டரின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. அலுமாரிக்குப் பின்னால் வைத்த அடப்டருக்கு அந்தக் கணக்கு எதிர்ப்பக்கமாக ஓடியிருக்கிறது. ஆசைப்பட்டு நீங்களே திறக்க வேண்டாம். 230 வோல்ட் அந்தக் கப்பாசிட்டரில் 325 வோல்ட்டாகச் சேர்ந்து நிற்கும், பிளக்கைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கலாம்.

இன்னும் இரண்டு சத்தங்களைக் கவனியுங்கள். ஒன்று, வினாடிக்கு ஒரு தடவைபோல வரும் டிக், டிக். அதோடு போனில் சார்ஜ் குறியும் வந்து வந்து போனால், சார்ஜர் ஓட முயன்று, பாதுகாப்புக்காக நின்று, மறுபடி முயல்கிறது. கேபிளைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் குறை கேபிளிலோ போனின் துளையிலோ இருக்கும். நிற்காவிட்டால் அநேகமாகச் சார்ஜரின் காலம் முடிந்துவிட்டது.

மற்றது ஒழுங்கில்லாத பொரிகிற சத்தம். அது பெரும்பாலும் சார்ஜரிலிருந்து வராது, பிளக் பொயின்றிலிருந்து வரும். பழைய வீடுகளின் உருண்டைத் துளைப் பொயின்றில் மூன்று பக்கமும் பிளக் கொழுவும் அடப்டரைச் செருகினால் ஆட்டம் இருக்கும், அந்த இடைவெளியில் மின்பொறி பறக்கும். கடற்கரைப் பக்கம் உப்புக்காற்றில் பித்தளையும் கறுத்துவிடும். பேப்பரைக் குழாய்போலச் சுருட்டிக் காதில் வைத்தால், கையை அருகில் கொண்டுபோகாமல் எங்கிருந்து வருகிறது என்று பிடிக்கலாம். பின்னில் கறுப்புத் தழும்போ கருகிய மணமோ இருந்தால் பொயின்றையே மாற்றுங்கள்.

சரி, வாங்கலாமா? சூடு அளவானது. இரண்டு வருடமாகச் சத்தம் கூடவுமில்லை, தொனி மாறவுமில்லை, அதனால் பழுதாகும் அறிகுறி எதுவும் தெரியவில்லை. விலையும் இறங்கியிருக்கிறது. இருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். நல்ல பொருளென்று எனக்குத் தெரியும், ஆனால் நேற்றிரவும் எழும்பிப்போய் அதைக் கழற்றிவிட்டுத்தான் படுத்தேன். பிடிவாதமாக வாங்குவதென்றால், கிட்டத்தட்ட நிரம்பிய போனோடு கடைக்குப் போய், உள்ளறையில் மின்விசிறியை நிறுத்தச் சொல்லிக் கொழுவிப் பாருங்கள். கஸ்தூரியார் வீதிப் பக்கம் கடை வாசலில் நின்று சோதித்தால் ஓட்டோச் சத்தத்தில் எல்லாச் சார்ஜரும் நல்ல சார்ஜர்தான்.